மற்றவை முன்பு அறிவித்தபடியே

“சுற்றறிக்கையை ஒழுங்காகப் படிக்காதது பெற்றோரின் தவறு.” ஆசிரியர் ஓய்வறையில் இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். நானே பலமுறை சொல்லியும் இருக்கிறேன். தேர்வுத் தேதி மாறும்போதெல்லாம் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். அப்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடும்: “எல்லாம்தான் எழுதி அனுப்பியிருக்கே, அப்புறம் என்ன கேள்வி?”

திருத்திய கால அட்டவணை என்பது புதுத் தேதிகள் மட்டும்தான், நான்கு வரி தட்டச்சு செய்து முதல்வரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் பள்ளியின் வேலை முடிந்தது, அதற்குமேல் வரும் குழப்பம் படிப்பவர்களின் அலட்சியம் என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் நிலவும் எண்ணம். அது தவறு என்று எனக்குப் புரிந்தது 2023 டிசம்பர் 13 அன்று, காலை பத்தேகால் மணிக்கு. அன்று தவறு செய்த சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான். முதல்வர் கையெழுத்து மட்டுமே போட்டார்.

அந்த டிசம்பரைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஆந்திரக் கரையை நோக்கிப் போனது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. பள்ளிகளுக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை. அரசுப் பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வே 13ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

நான் வேலை பார்த்தது தென்சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பள்ளி. பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு எங்கள் அட்டவணை நவம்பரிலேயே கொடுத்தாயிற்று. வியாழன் 7 தமிழ், வெள்ளி 8 ஆங்கிலம், திங்கள் 11 கணிதம், புதன் 13 அறிவியல், வெள்ளி 15 சமூக அறிவியல். மழையில் முதல் மூன்றும் போயின. பள்ளி 11ஆம் தேதி திறப்பதாக இருந்தது. திறந்த அன்றே தேர்வு வைக்க மனம் வரவில்லை. 9ஆம் தேதி சனிக்கிழமை மாலை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைபேசியில் தட்டினேன். வினாத்தாள்கள் ஏற்கெனவே அச்சாகிக் கட்டுக்கட்டாக முத்திரை வைத்துக் கிடந்தன. தேதி போட்ட உறைகளைக் கலைக்க வேண்டாம் என்பதால், 13, 15 தேதித் தேர்வுகளை அப்படியே விட்டுவிட்டு, தவறிய மூன்றையும் கடைசியில் சேர்த்துவிட முடிவு செய்தோம். நான் எழுதியது இது:

“கனமழை காரணமாக ஒத்திவைக்கப்பட்ட அரையாண்டுத் தேர்வுகள் வரும் புதன்கிழமை, 13ஆம் தேதி தொடங்கும். தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுக்கான புதிய தேதிகள் பின்னர் தெரிவிக்கப்படும். மற்றவை முன்பு அறிவித்தபடியே நடைபெறும்.”

முதல்வர் படித்தார். “இதுக்கு மேல தெளிவா எப்படி சார் எழுதறது?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புதன்கிழமை காலை அறிவியல் வினாத்தாளைக் கொடுத்தபோது பன்னிரண்டு பிள்ளைகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு முழித்தார்கள். நாற்பத்தொரு பேர் உள்ள வகுப்பு. பன்னிரண்டு பேரும் படித்து வந்தது தமிழ்.

ஓய்வறையில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. “தமிழுக்குத் தேதி பின்னர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. படிச்சுப் பார்க்கத் தெரியாதவங்களுக்கு நாம என்ன பண்றது?” சொன்னவர் நல்ல ஆசிரியர். அவர் சொன்னதில் அரைக்கால் உண்மையும் உண்டு. ஆனால் கவனமில்லாத பிள்ளைகள் ஆளுக்கொரு தவறு செய்வார்கள். ஒருவன் கணிதம் என்று நினைத்திருப்பான், ஒருத்தி விடுமுறை என்று நினைத்திருப்பாள். இங்கே பன்னிரண்டு பேரும் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள். அதிலும் இருவர் வகுப்பின் முதல் ஐந்து இடங்களில் இருப்பவர்கள். ஒரே தவறு பன்னிரண்டு இடத்தில் முளைத்தால் விதை ஓரிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

விதை என் முதல் வாக்கியத்தில் இருந்தது. “ஒத்திவைக்கப்பட்ட தேர்வுகள் 13ஆம் தேதி தொடங்கும்” என்றால் ஒத்திவைக்கப்பட்டவை எவை? தமிழ், ஆங்கிலம், கணிதம். அப்படியானால் 13ஆம் தேதி தொடங்குவது தமிழ். தமிழில் அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் கிடையாது. அடுத்த வாக்கியம் இதற்கு நேர் எதிராக, தமிழுக்குத் தேதி பின்னர் என்கிறது. சரி, அது மணிக்கணக்கு, விரிவான விவரம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்தால் அது அறிவுள்ள பிள்ளை. முரண்படும் இரண்டு வாக்கியங்களை ஒத்துப்போகச் செய்ய அது முயன்றிருக்கிறது. முரண்பாட்டை எழுதியவன்தான் கவனம் தவறியவன்.

தேர்வுக் கால அட்டவணையை இரண்டு விதமாகத் திருத்தலாம். ஒன்று, முழு வரிசையையும் அப்படியே பின்னுக்குத் தள்ளுவது; ரயில் இரண்டு மணி தாமதம் என்றால் எல்லா நிலையத்துக்கும் இரண்டு மணி தாமதம் என்பது போல. இன்னொன்று, தவறியதை மட்டும் வெட்டி எடுத்துக் கடைசியில் ஒட்டுப்போடுவது. முதலாவதில் பாடங்களின் வரிசை மாறாது, தேதிகள் மாறும். இரண்டாவதில் மீதமுள்ள பாடங்களின் தேதி மாறாது, வரிசை மாறும். பிள்ளைகளின் மனதில் எப்போதும் பதிவது வரிசைதான். தமிழ் முதலில், சமூக அறிவியல் கடைசியில் என்பது முதல் வகுப்பிலிருந்து பழகியது. அதனால் எதுவும் சொல்லாமல் விட்டால் தள்ளிப்போனதாகவே எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் ஒட்டுப்போட்டிருந்தோம். ஒட்டுப்போட்டிருக்கிறோம் என்று எங்கேயும் சொல்லவில்லை. வினாத்தாள் உறை எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

சுற்றறிக்கை எழுதும் பலருக்கும் பிடிபடாதது இதுதான். நவம்பரில் அட்டவணை வாங்கியவரின் கை வெறுங்கை. டிசம்பரில் திருத்தம் வாங்குபவரின் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது. அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. டியூஷன் சார் அதைப் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறார், அம்மா அதைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லியிருக்கிறார். திருத்தச் சுற்றறிக்கையின் முதல் வேலை அந்தப் பழைய தாளைச் செல்லாததாக்குவது. “மற்றவை முன்பு அறிவித்தபடியே” என்ற வரி செய்வது நேர்மாறான வேலை. பழைய தாளைக் கையில் வைத்துக்கொள், புதியதையும் வைத்துக்கொள், எந்த வரிக்கு எந்தத் தாள் என்று நீயே பிரித்துப் பார்த்துக்கொள் என்கிறது அது. மழையில் நனைந்து பழைய தாளே இல்லாமல் போன வீடுகள் அந்த வாரம் எத்தனை என்பதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பாடத்தின் தேதி மாறினாலும் எல்லாப் பாடங்களையும் மறுபடி வரிசையாக எழுதிவிட வேண்டும். ஐந்து வரி கூடும், அவ்வளவுதான்.

“நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க சார்” என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. தாளாளரின் ஆசி, மழையால் பாதிக்கப்பட்டோருக்கு ஆறுதல், நேர மேலாண்மை பற்றி அறிவுரை எல்லாம் எழுதிவிட்டு மூன்றாவது பத்தியில் தேதியைப் புதைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்தான். ஆனால் என் சுற்றறிக்கை மூன்றே வாக்கியம். அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. படித்தார்கள், படித்ததால்தான் தவறினார்கள். நீளத்தைக் குறைப்பதாக நினைத்து நான் குறைத்தது என் வேலையை. அந்த வேலை அப்படியே நாற்பத்தொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

முன்பு ஒருமுறை வேறொரு சுற்றறிக்கையில் தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமாக அச்சாகிவிட்டது. அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு ‘நடைமுறை’ வந்தது: தேதி மட்டும் போடு, கிழமை வேண்டாம், போட்டால்தானே தப்பு வரும். என் சனிக்கிழமைக் குறிப்பில் கிழமை ஓரிடத்தில் நுழைந்ததே பழக்க தோஷத்தால்தான். இந்த நடைமுறையைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. தேதி 20, கிழமை செவ்வாய் என்று தாளில் இருக்கிறது, நாட்காட்டியில் 20 புதன் என்றால் படிக்கும் முதல் அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார். தவறு அரைமணி நேரத்தில் பிடிபடும். 19க்குப் பதில் 20 என்று தேதி மட்டும் தவறாக விழுந்து, பக்கத்தில் கிழமையும் இல்லையென்றால் அது தவறு என்று யாருக்குமே தெரியாது, தேர்வன்று காலைவரை. கிழமையை எடுத்துவிட்டால் தவறு அங்கேயேதான் இருக்கும், காட்டிக்கொடுக்கத்தான் ஆளிருக்காது. போதாததற்கு வீடுகள் ஓடுவது கிழமையில்தான். அப்பாவின் ஷிஃப்ட், வேன், டியூஷன் எல்லாம் கிழமைக் கணக்கு.

அடுத்தது, “வகுப்புக் குழுவுல போட்டா ஒருத்தருக்கொருத்தர் கேட்டுத் தெளிஞ்சுக்குவாங்க” என்ற நம்பிக்கை. வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இப்படிச் சொல்பவர்கள் மழைக்காலத்தில் ஒரு குழுவில் இருந்து பார்த்ததில்லை. “நாளை தேர்வு இல்லை” என்று திங்கள் இரவு ஒருவர் போடுவார். வலைத்தொடர்பு இல்லாத வீட்டுக்கு அது செவ்வாய் இரவு வந்து இறங்கும். அப்போது ‘நாளை’ என்பது புதன். நாளை, வரும் புதன், அடுத்த வாரம் போன்ற சொற்களெல்லாம் எழுதிய ஆளின் கடிகாரத்தில் ஓடுபவை. நேரில் கையில் கொடுக்கும் காகிதத்திலேயே அவை தடுமாறும். பகிர்ந்து பகிர்ந்து போகும் செய்தியில் அவற்றுக்கு வேலையே இல்லை. படமாக எடுத்து அனுப்பும் அட்டவணைக்கு இன்னொரு நோய் உண்டு. மேலே இருக்கும் தலைப்பையும் நாளையும் வெட்டிவிட்டு, கட்டத்தை மட்டும் யாரோ ஒருவர் பகிர்வார். நவம்பர்க் கட்டமும் டிசம்பர்க் கட்டமும் அப்போது அண்ணன் தம்பி போல இருக்கும். எது மூத்தது? கட்டத்துக்கு உள்ளேயே, முதல் வரியில், “திருத்தியது 13.12.2023” என்று எழுதியிருந்தால் வெட்டியவரால் அதை வெட்ட முடியாது.

இது கற்பனைக் கவலை இல்லை. 2020இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27இல் தொடங்க வேண்டியது. கொரோனாவால் ஏப்ரல் 15க்குப் போனது, பிறகு ஜூன் 1க்கு, பிறகு ஜூன் 15க்கு. கடைசியில் ஜூன் 9 அன்று தேர்வே ரத்தானது. நான்கு தொடக்கத் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணைப் படம் குழுக்களில் சுற்றியது. ஜூன் மாதத்தில்கூட ஏப்ரல் படத்தை அனுப்பி “இது சரியா சார்?” என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. படத்தில் அதன் வயது எழுதியிருக்கவில்லை.

அந்த 2020ஐ வைத்தே இன்னொரு வாதத்தையும் பார்த்துவிடலாம். “அரையாண்டுதானே சார், பொதுத்தேர்வா என்ன, இதுக்குப் போய் இவ்வளவு?” தேர்வு ரத்தானபோது பிள்ளைகளுக்கு மதிப்பெண் எதிலிருந்து வந்தது? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடு. 2019 டிசம்பரில் அரையாண்டு எழுதிய எந்தப் பிள்ளைக்கும் தான் எழுதுவது பொதுத்தேர்வின் பெரும்பகுதி என்று தெரியாது. எழுதவைத்த எங்களுக்கும் தெரியாது.

பன்னிரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். மறுதேர்வு வையுங்கள் என்றேன். முதல்வர் தயங்கினார். “இன்னைக்குப் பன்னிரண்டு பேருக்கு வெச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க சார்.” கேட்கட்டும். பிள்ளை காய்ச்சலில் படுத்தால் அது பிள்ளையின் நிலை, அதற்குத் தனி விதி இருக்கிறது. இது பள்ளி கொடுத்த தவறான செய்தி. அதை நம்பியவர்களைத் தண்டித்தால், அடுத்த முறை நாம் என்ன அனுப்பினாலும் நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வார்கள். அதைத்தான் நாம் அலட்சியம் என்போம். வெகுநேரம் பேசினோம். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அன்று எழுதியவர்களில் விரும்புபவர்களுக்கும் வாய்ப்புத் தர வேண்டும், இல்லையென்றால் சரியாகப் படித்துவந்த இருபத்தொன்பது பேருக்கு அது அநியாயம். நான் நினைக்காத கோணம் அது. ஒத்துக்கொண்டேன்.

அன்று மாலையே புதுச் சுற்றறிக்கை எழுதினேன். இந்த முறை தட்டச்சு செய்து அலுவலக உதவியாளர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பெண்ணும் பத்தாம் வகுப்பு, வேறு பள்ளி. “இதைப் படிச்சிட்டு, என்னைக்கு என்ன தேர்வு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாங்கன்னு சொல்லுங்கம்மா” என்றேன். முதல் வரைவில் இரண்டாவது கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. திருத்தினேன். இப்படி முடிந்தது:

சுற்றறிக்கை எண் 48. நாள்: 13.12.2023, புதன்.
பத்தாம் வகுப்பு மாணவர்கள், பெற்றோர் கவனத்துக்கு.
நவம்பரில் தந்த அட்டவணையும், 9.12.2023 அன்று அனுப்பிய செய்தியும் இனி செல்லா. இந்தத் தாள் மட்டுமே செல்லும்.

அரையாண்டுத் தேர்வு – திருத்தியது 13.12.2023
15.12.2023 வெள்ளி – சமூக அறிவியல்
18.12.2023 திங்கள் – தமிழ்
19.12.2023 செவ்வாய் – ஆங்கிலம்
20.12.2023 புதன் – கணிதம்
21.12.2023 வியாழன் – அறிவியல் மறுதேர்வு. 13ஆம் தேதி எழுதியவர்களும் விரும்பினால் எழுதலாம். இரண்டில் அதிக மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும்.

காலை 9.45க்குத் தேர்வு அறையில் இருக்க வேண்டும். 10.00 முதல் வினாத்தாள் வாசிப்பு, 10.10 முதல் விவரம் நிரப்புதல், 10.15 முதல் 1.15 வரை எழுதுதல். கூடுதல் நேரம் பெறும் மாணவர்களுக்கு 2.15 வரை. வேன் 1.45க்கும் 2.30க்கும் புறப்படும்.
பாடப்பகுதியில் மாற்றம் இல்லை. தேர்வறை, இருக்கை எண்ணில் மாற்றம் இல்லை.
மீண்டும் மழை விடுமுறை வந்தால், அன்றைய தேர்வு மட்டும் 22.12.2023 வெள்ளிக்கு மாறும். மற்ற தேதிகள் நகராது.

பத்து மணி என்று ஒரே எண்ணைப் போடுவதுதான் வழக்கம். அது வாயிற்கதவு மூடும் நேரமா, தாள் கொடுக்கும் நேரமா, எழுதத் தொடங்கும் நேரமா? பொதுத்தேர்வில் இந்த முதல் பதினைந்து நிமிடத்துக்குத் தனிக் கணக்கு இருப்பதால்தான் நாங்களும் அதே நேரத்தைப் பின்பற்றினோம். 2.15 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாடுள்ள ஒரு பையனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, அவன் சொல்லச்சொல்ல எழுத வெளியிலிருந்து ஒருவர் வருவார். எந்தச் சுற்றறிக்கையும் அந்த ஒரு மணியைக் குறிப்பிட்டதில்லை. அதனால் வேன் 1.45க்கே போய்விடும், அவன் அப்பா ஒவ்வொரு தேர்வுக்கும் பாதிநாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போவார். இத்தனை வருடம் அவர் எங்களிடம் குறை சொன்னதில்லை. எழுத வருபவருக்கு நாங்கள் புதுத் தேதியைத் தனியாகச் சொன்னோமா? இல்லை. அதையும் அந்த அப்பாவே செய்திருக்கிறார்.

“மாறாததை எதுக்கு எழுதணும்?” என்று தலைமை எழுத்தர் கேட்டார். தேதி மாறினால் எல்லாமே மாறியிருக்கலாம் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஒரு வாரம் பள்ளி இல்லை, அப்படியென்றால் கடைசிப் பாடத்தைக் குறைத்திருப்பார்களா? முந்தைய வாரம் வந்த அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். மௌனம் என்றால் மாற்றமில்லை என்பது பள்ளிக்குள் இருப்பவர்களின் வழக்கம், வெளியே இருப்பவர்களுக்கு மௌனம் வெறும் மௌனம்.

கடைசி வரியை முதல்வர் அடிக்கச் சொன்னார். “மழை வரும்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கே.” அடிக்க மறுத்தேன். டிசம்பரில் மழை வரும் என்று சொல்வதில் என்ன அபசகுனம்? அடுத்த ஞாயிறு, 17ஆம் தேதி, தென் மாவட்டங்களில் பெய்யத் தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அரையாண்டு மறுபடியும் தள்ளிப்போனது. எங்கள் பக்கம் தப்பித்தது, 22ஆம் தேதி தேவைப்படவில்லை.

48ஆம் சுற்றறிக்கை குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்த நாளில் விழுந்தன. கணிதத்துக்கு முன் ஒருநாள் விட்டிருக்க வேண்டும். மறுதேர்வுக்காக அதை விட்டுக்கொடுத்தோம். அதுபற்றி வந்த புகார்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நியாயமான புகார்கள். ஆனால் அவை தேதியைப் புரிந்துகொண்டவர்கள் தேதியைப் பற்றிச் சொன்ன புகார்கள்.

விடைத்தாள் கட்டைத் திருத்த உட்கார்ந்தபோது 13ஆம் தேதித் தாள்களில் ஒன்று முதலில் வந்தது. முகப்பில் பாடம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று அழகாக எழுதி, பிறகு ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சிறிய எழுத்தில் ‘அறிவியல்’ என்று எழுதியிருந்தாள். வினாத்தாள் கைக்கு வருமுன்னே முகப்பை நிரப்பிவிட்டாள் போலிருக்கிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் ஒரு மதிப்பெண் குறைப்பது எங்கள் பள்ளி வழக்கம். நான் குறைக்கவில்லை.